மூணாவது மாசம் போற மெம்பர் ஆறாவது வாரமே போயிட்டாங்க

பெங்களூர்ல கம்மனஹள்ளி, லிங்கராஜபுரம், பானஸ்வாடி பக்கம் ஜிம் நடத்துறவங்க யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். ஜனவரில கூட்டம் தாங்காது, ஏப்ரல்ல ட்ரெட்மில் எல்லாம் சும்மா நிக்கும், மூணு மாசம் பேக்கேஜ் முடிஞ்சதும் ஆள் காணாம போயிடறாங்க. அதுக்கு எல்லாரும் செய்ற வைத்தியமும் ஒண்ணுதான், பேக்கேஜ் முடிய அஞ்சு நாள் இருக்கும்போது ஆஃபர் மெசேஜ், "இன்னைக்கே ரினியூ பண்ணா ஒரு மாசம் ஃப்ரீ". நான் இந்த ஏரியாவுல ஒரு நடுத்தர ஜிம்ல சென்டர் மேனேஜர். சுமார் முன்னூறு மெம்பர், மேல கார்டியோ, கீழ வெயிட் செக்‌ஷன், அஞ்சு ட்ரெய்னர். நாங்க என்ன பார்த்தோம், என்ன மாத்தினோம், எது வேலை செஞ்சுது எது செய்யலைன்னு எழுதுறேன், சின்ன ஜிம் வெச்சிருக்கிறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.

முதல்ல கணக்கு. வாசல்ல இருக்கிற ஃபிங்கர் மிஷின்ல இருந்து பஞ்ச் ரிப்போர்ட்டை எக்ஸெல்ல எடுக்கலாம், பெரும்பாலான மிஷின்ல இந்த வசதி இருக்கும், ஆனா சம்பளத்துக்கு ஸ்டாஃப் அட்டெண்டன்ஸ் பார்க்கிறதைத் தவிர யாரும் திறக்கிறதில்லை. A காலம்ல மெம்பர் நம்பர், B காலம்ல சேர்ந்த தேதி, C காலம்ல பஞ்ச் ஆன தேதி நேரம். D காலம்ல இதைப் போடுங்க:

```
=INT((INT(C2)-B2)/7)+1
```

இது அந்த ஆள் சேர்ந்ததுல இருந்து எத்தனாவது வாரம்னு சொல்லும். காலண்டர் வாரம் இல்ல, அவங்களோட சொந்த வாரம், அதுதான் முக்கியம். ஏன்னா காலண்டர்ல பார்த்தா ஒருத்தர் போன இடத்துல இன்னொருத்தர் வந்து சேர்ந்துடுவாங்க, மொத்த கூட்டம் எப்பவும் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ள வரும்போது ஒரு பஞ்ச், போகும்போது ஒரு பஞ்ச்னு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வரி இருக்கும், அதை முதல்ல ஒண்ணா குறைச்சுடுங்க, இல்லன்னா நாலு நாள் வந்தவர் எட்டு நாள் வந்த மாதிரி காட்டும். அப்புறம் ஒரு பிவட் டேபிள், கீழ்வாக்குல மெம்பர், குறுக்குவாக்குல வாரம் 1ல இருந்து 13 வரைக்கும், கட்டத்துல வந்த நாள் எண்ணிக்கை. அவ்வளவுதான்.

ஒரு ஜனவரி பேட்ச்சை எடுத்தோம், மூணு மாசம் பேக்கேஜ்ல சேர்ந்த 40 பேர். நாலாவது வாரத்துல ஒரு நாளாவது வந்தவங்க 34. ஆறாவது வாரம் 25. எட்டாவது வாரம் 17. பன்னெண்டாவது வாரம் 13. ரினியூ பண்ணவங்க 11. இப்ப இதுல ஒரு விஷயத்தை மட்டும் கவனிங்க. எட்டாவது வாரம் வந்துட்டு இருந்த 17 பேர்ல 10 பேர் ரினியூ பண்ணாங்க, வராத 23 பேர்ல ஒரே ஒருத்தர்தான். அதாவது நாம 85வது நாள் அனுப்புற அந்த ஆஃபர் மெசேஜ் பாதிக்கு மேல போறது ஜிம்மை விட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆனவங்களுக்கு. அவங்க மனசுல ஜிம் எப்பவோ முடிஞ்சு போச்சு, பணம் கட்டின தேதி மட்டும்தான் மூணாவது மாசம் வரைக்கும் ஓடிட்டு இருக்கு. அதனால மூணாவது மாச பிரச்சனைன்னு ஒண்ணு தனியா கிடையாது, அஞ்சாவது வாரத்துல இருந்து எட்டாவது வாரம் வரைக்கும் நடக்கிறதோட பில்தான் மூணாவது மாசம் வருது.

விட்டவங்களுக்கு நானே போன் பண்ணேன். விக்கிறதுக்காக இல்ல, "ரினியூ பத்தி பேசலைங்க, ஏன் நின்னீங்கன்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும்"னு முதல்லயே சொல்லிட்டுத்தான் பேசினேன். முதல் பதில் எல்லாருக்கும் ஒண்ணுதான், டைம் இல்ல. ஆனா மான்யதா டெக் பார்க் வேலை, ரிங் ரோடு டிராஃபிக் எல்லாம் சேர்ந்த அன்னைக்கும் அப்படித்தானே இருந்துச்சு, அதனால "கடைசியா வந்த அன்னைக்கு என்ன பண்ணீங்க, ஞாபகம் இருக்கா"ன்னு கேட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் நிஜமான பதில் வந்துச்சு.

ஒண்ணு, சார்ட். முதல் நாள் கொடுத்த அதே சார்ட்டையே அஞ்சாவது வாரமும் பண்ணிட்டு இருந்தாங்க. புதுசா வெயிட் தூக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு முதல் சில வாரம் பலம் கடகடன்னு ஏறும், அது தசை வளர்ந்ததால இல்ல, நரம்பு அந்த அசைவைக் கத்துக்கிறதால. தசை கண்ணுக்குத் தெரியுற அளவு மாற பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும். நடுவுல இருக்கிற அந்த இடைவெளிதான் அஞ்சுல இருந்து எட்டு வாரம். பலம் ஏறுற வேகமும் குறைஞ்சுடுது, கண்ணாடியிலயும் ஒண்ணும் தெரியலை, எடை மிஷின் அதே எண்ணைக் காட்டுது. தசைக்குள்ள சேர்ற கிளைகோஜனும் அதோட சேர்ற தண்ணியும் சில பேருக்கு எடையை ஒரு கிலோ கூட்டிக் கூட காட்டும், இதை யாரும் அவங்களுக்கு எடுத்துச் சொன்னதில்லை. காசு கொடுத்து உடம்பை வருத்தி எடையும் ஏறுதுன்னா யாருக்குத்தான் மனசு விடாது.

ரெண்டாவது, ட்ரெய்னர். முதல் ரெண்டு வாரம் கூடவே நிப்பார், அப்புறம் அடுத்த புது ஆள் வந்துடுவாங்க, இல்லன்னா பர்சனல் ட்ரெய்னிங் கிளையன்ட் இருப்பாங்க. ட்ரெய்னரைக் குத்தம் சொல்றதுல அர்த்தமில்லை, சம்பளம் குறைச்சல், மிச்சம் முழுக்க பர்சனல் ட்ரெய்னிங் கமிஷன்ல இருந்துதான் வரணும், ஃப்ளோர் மெம்பர் நாற்பதாவது நாள் வந்தாரா வரலையான்னு பார்க்க அவருக்கு ஒரு காரணமும் நாம கொடுக்கலை.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுச்சு. முக்கால்வாசிப் பேர் முடிவெடுத்து நிக்கலை. காய்ச்சல், ஊர்ல கல்யாணம், ஆபீஸ்ல ரிலீஸ், பையனுக்குப் பரீட்சை, ஏதோ ஒண்ணுக்கு ஒரு வாரம் வரலை. அப்புறம் திரும்பி வர ஒரு கூச்சம். வந்தா பழைய வெயிட் தூக்க முடியாது, மறுநாள் உடம்பு முதல் வாரம் மாதிரியே வலிக்கும், ட்ரெய்னர் "என்ன சார் ஆளையே காணோம்"னு நாலு பேர் முன்னாடி கேப்பார். அடுத்த திங்கட்கிழமைல இருந்து போலாம்னு தள்ளித் தள்ளி அப்படியே விட்டுப் போச்சு.

இதுக்கு ஏத்த மாதிரிதான் எங்க ஏற்பாட்டை அமைச்சோம்.

முதல் நாள்லயே ஆரம்பிக்கணும். எங்க ட்ரெய்னர்ங்க எல்லாரும் புது ஆளுக்கும் திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக்னு ஆறு நாள் சார்ட்தான் போடுவாங்க, அவங்க அப்படித்தான் கத்துக்கிட்டாங்க. புது ஆளுக்கு அது ரெண்டு விதத்துல கெடுதல். ஒரே நாள்ல செஸ்ட்டுக்கு நாலு எக்ஸர்சைஸ் பண்ணிட்டு மறுநாள்ல இருந்து ரெண்டு மூணு நாள் கையைத் தூக்க முடியாம சில பேர் முதல் வாரத்துலயே நின்னுடறாங்க. இன்னொண்ணு, ஆறு நாள்னு சொல்லிட்டு மூணு நாள் வந்தா அவங்க கணக்குல அது தோல்வி. இப்ப புதுசா சேர்றவங்களுக்கு வாரம் மூணு நாள், முழு உடம்புக்கும் சேர்த்து, ரெண்டே சார்ட், ஏ, பி, மாத்தி மாத்தி. ஒவ்வொண்ணுலயும் அஞ்சாறு எக்ஸர்சைஸ், ரெண்டு செட், இன்னும் மூணு நாலு தடவை தூக்க முடியும்னு இருக்கும்போதே நிறுத்திடணும். நாலாவது நாள் வந்தா இருபது நிமிஷம் நடை, கட்டாயம் இல்ல. ஆனா வந்தா நல்லதுன்னு சொல்றோம், அதுக்குக் காரணம் இருக்கு. கனடாவுல விக்டோரியா யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் 111 புது ஜிம் மெம்பர்களை 12 வாரம் பார்த்து 2015ல வெளியிட்ட கட்டுரையில, வாரத்துக்கு நாலு தடவையாவது ஆறு வாரம் தொடர்ந்து வந்தவங்களுக்குத்தான் அது பழக்கமா ஒட்டுச்சுன்னு எழுதியிருக்காங்க. வர்றதுதான் முதல்ல பழகணும், எவ்வளவு தூக்குறோம்ங்கிறது அப்புறம்.

அடுத்தது நாலாவது வாரக் கடைசியில உட்கார்ந்து பேசுறது. பத்து நிமிஷம், ட்ரெய்னரும் மெம்பரும், பழைய சார்ட்டை டேபிள் மேல வெச்சு. எடை மிஷின்ல ஏத்துறதில்லை. மூணு எண் மட்டும், முதல் நாள் எவ்வளவு, இன்னைக்கு எவ்வளவு. டம்பெல்லை நெஞ்சோட பிடிச்சு பண்ற ஸ்குவாட், லாட் புல்டவுன், அப்புறம் தொப்புள் உயரத்துல வயித்துச் சுத்தளவு. அந்தச் சுத்தளவை மூச்சை விட்டுட்டு, டேப் படுக்கையா இருக்கிற மாதிரி, காலையில வந்தவங்களுக்குக் காலையிலயே சாயங்காலம் வந்தவங்களுக்குச் சாயங்காலமே எடுக்கணும், இல்லன்னா ரெண்டு சென்டிமீட்டர் சும்மாவே மாறும். அன்னைக்கே புது சார்ட், ரெண்டு செட் மூணு ஆகும், ரெண்டு எக்ஸர்சைஸ் புதுசா வரும். எட்டாவது வாரம் இன்னொரு தடவை இதே மாதிரி. ரினியூ பேச்சை நாங்க எடுக்கிறது ஒன்பதாவது வாரம், இந்த எண்களைப் பார்த்து அவங்க சந்தோஷமா இருக்கும்போது. 88வது நாள் வரைக்கும் காத்திருக்கிறதில்லை.

மூணாவது, தினமும் காலையில ஒரு லிஸ்ட். சேர்ந்து 90 நாளுக்குள்ள இருக்கிறவங்கள்ல ஆறு நாளா பஞ்ச் இல்லாதவங்க பேர். ஏன் ஆறுன்னா, வாரம் மூணு நாள் வர்ற ஆள் ஆறு நாள் வரலைன்னா ரெண்டு தடவையாவது விட்டிருக்கார்னு அர்த்தம். பதினாலு நாள்னு வெச்சுப் பார்த்தோம், அதுக்குள்ள கூச்சம் வந்துடுது, போனே எடுக்கிறதில்லை. போன் பண்றது சேல்ஸ் பொண்ணு இல்ல, அவங்களோட ஃப்ளோர் ட்ரெய்னர். எங்க மெம்பர்ல தமிழ், கன்னடம், இந்தி, மலையாளம் எல்லாரும் இருக்காங்க, அந்தந்த பாஷை தெரிஞ்ச ட்ரெய்னருக்கு அந்தப் பேரைக் கொடுத்துடறோம், இது சின்ன விஷயமாத் தெரியும், ஆனா பெங்களூர்ல இதுல நிறைய வித்தியாசம் வருது.

ஒரு உதாரணம் சொல்றேன். ராமமூர்த்தி நகர்ல இருந்து வர்ற ஒரு அக்கா, ஐடி வேலை, ரெண்டு பிள்ளைங்க. அஞ்சு வாரம் ஒழுங்கா வந்தாங்க, ஆறாவது வாரம் பொண்ணுக்குப் பரீட்சைன்னு நின்னாங்க. ஏழாவது நாள் ட்ரெய்னர் தம்பி கூப்பிட்டான், ஹோசூர்ப் பையன், நல்லா பேசுவான். "அக்கா, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா, பாப்பாவுக்குப் பரீட்சை எப்படிப் போகுது" அப்படின்னுதான் ஆரம்பிச்சான். அவங்க "இன்னும் நாலு நாள் இருக்குப்பா, முடிச்சுட்டு வரேன், ஆனா எல்லாம் விட்டுப் போயிருக்கும்"னாங்க. "ஒண்ணும் போகாதுக்கா, வர்ற அன்னைக்குப் பாதிதான் பண்ணப் போறோம், இருபத்தஞ்சு நிமிஷத்துல அனுப்பிடறேன். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நான் இருப்பேன்." அவ்வளவுதான் பேச்சு. ரினியூ இல்ல, ஆஃபர் இல்ல, ஏன் வரலைன்னு கேள்வி இல்ல, ஒரு நாள், ஒரு நேரம், என்ன பண்ணப் போறோம்னு முன்கூட்டியே சொல்றது. வெள்ளிக்கிழமை வந்தாங்க. அவங்க ஸ்குவாட் 14 கிலோவுல இருந்துச்சு, அன்னைக்கு 10 கிலோ, ஒரே ஒரு செட், எல்லா எக்ஸர்சைஸும் அப்படித்தான். மறுநாள் வலி இல்லாததால திங்கட்கிழமையும் வந்தாங்க. மூணாவது தடவை 14க்குத் திரும்பிட்டாங்க. அந்தப் பாதி நாளை நாங்க இப்ப எல்லாருக்கும் விதியாவே வெச்சுட்டோம், ஒரு வாரத்துக்கு மேல விட்டவங்க வந்த முதல் நாள் பாதி வெயிட்டோ பாதி செட்டோதான், அவங்களே கேட்டாலும் முழுசா விடக்கூடாது.

திரும்பி வந்ததுக்கு ஒரு சின்ன பரிசும் உண்டு, பேக்கேஜ்ல ரெண்டு நாள் கூட்டிக் கொடுப்போம், வந்த அன்னைக்கே மெசேஜ் போயிடும். இந்த யோசனை எங்கிருந்து வந்துச்சுன்னா, அமெரிக்காவுல ஒரு பெரிய ஜிம் செயின்ல 61,000 மெம்பர்களுக்கு மேல வெச்சு 54 விதமான முறைகளை ஒரே நேரத்துல சோதிச்சு 2021ல நேச்சர் பத்திரிகையில போட்டாங்க. அதுல முதலிடம் வந்த முறை, ஒரு தடவை தவறவிட்டுட்டு மறுபடி வந்தவங்களுக்கு ரொம்பச் சின்ன வெகுமதி கொடுக்கிறது. அதே ஆராய்ச்சி இன்னொண்ணும் சொல்லுது, நாலு வாரம் முடிஞ்சு வெகுமதியை நிறுத்தினதும் பெரும்பாலான முறைகளோட பலன் நீடிக்கலை. அதனால இந்த ரெண்டு நாளை மட்டும் நம்பி உட்காராதீங்க, போனும் பாதி நாளும் கூட இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு.

ட்ரெய்னர் காசு விஷயத்துலதான் ரொம்ப நேரம் போச்சு. ஓனர் அண்ணாகிட்ட பேசி, புது மெம்பர் ஒவ்வொருத்தரையும் ஒரு ட்ரெய்னர் பேர்ல எழுதினோம், ஒருத்தருக்கு அதிகபட்சம் இருபது பேர். அந்த மெம்பர் 31வது நாள்ல இருந்து 60வது நாளுக்குள்ள எட்டு தடவை வந்தா ட்ரெய்னருக்கு நூறு ரூபா. ரினியூ ஆனா கமிஷன்னு வைக்கலை, அப்படி வெச்சா பேச்சு மறுபடி விக்கிறதுக்குத்தான் திரும்பும், ஃப்ளோர்ல நிக்க மாட்டாங்க. அந்த ரெண்டாவது மாசம்தான் ஆள் கழண்டு போற இடம், அதனால காசும் அங்கதான் இருக்கணும்.

முதல் மாசமே எட்டு வருகை எண்ணிக்கை சட்டுனு ஏறிடுச்சு. அப்பதான் பஞ்ச் ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தேன், சில பேர் உள்ள வந்து ஏழு நிமிஷத்துல வெளிய போயிருக்காங்க, அதுவும் ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில. "சும்மா ஒரு பஞ்ச் போட்டுட்டுப் போங்க ப்ரோ"ன்னு ட்ரெய்னர் சொல்லியிருக்காங்க. யாரையும் திட்டலை, விதியை மட்டும் மாத்தினோம், சார்ட்ல அன்னைக்குத் தூக்கின வெயிட் எழுதியிருந்தாத்தான் வருகையா எண்ணுவோம், உள்ள இருபது நிமிஷமாவது இருந்திருக்கணும். இது மாதிரி ஊக்கத்தொகை வைக்கிறவங்க உள்ள-வெளிய இடைவெளியைக் கட்டாயம் பாருங்க, எண்ணிக்கை ஒரே மாசத்துல அதிகமா ஏறுனா முதல்ல அங்கதான் சந்தேகப்படணும்.

இதோட ஃப்ரீஸ் வசதியையும் வெளிப்படையா ஆக்கினோம், மூணு மாசத்துல பத்து நாள், மெசேஜ் அனுப்பினா போதும், ஃபார்ம் எல்லாம் வேண்டாம். தீபாவளி, பொங்கல்னு ஊருக்குப் போறவங்க இதைப் போட்டுட்டுப் போனா திரும்பி வர்ற தேதி நமக்கும் தெரியும், அன்னைக்கு ட்ரெய்னர் கூப்பிட்டுடலாம்.

பலன் என்னன்னா, ஜனவரி பேட்ச்சை ஜூலை பேட்ச்சோட ஒப்பிடக்கூடாது, சேர்ற ஆளே வேற மாதிரி. முந்தின வருஷ ஜூலையோட இந்த ஜூலையை வெச்சுப் பார்த்தோம். அப்ப 35 பேர் சேர்ந்து எட்டாவது வாரம் 15 பேர் இருந்தாங்க, 12 பேர் ரினியூ. ஏற்பாட்டுக்கு அப்புறம் 36 பேர், எட்டாவது வாரம் 22, ரினியூ 17. இவ்வளவு சின்ன பேட்ச்ல ரெண்டு மூணு பேர் ஏறி இறங்கறதுக்கு அர்த்தமே இல்ல, அதனால ஒரு மாசத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க, மூணு நாலு பேட்ச் தொடர்ந்து பார்க்கணும். நாங்க அடுத்த ரெண்டு பேட்ச்லயும் எட்டாவது வாரக் கணக்கு அதே அளவுல நின்ன பிறகுதான் இதை நம்பினோம்.

தக்க வெச்சுக்க முடியாதவங்களும் உண்டு. பிஜி மாறிப் போறவங்க, வேலை ஒயிட்ஃபீல்டுக்கு மாறினவங்க, அவங்களை ஒரு தடவை கேட்டுட்டு லிஸ்ட்ல இருந்து எடுத்துடறோம், ட்ரெய்னர் நேரம் அங்க வீணாகக்கூடாது. முட்டி வலி தோள்பட்டை வலின்னு நின்னவங்களைக் கூப்பிட்டு வரவைக்கவே கூடாது, டாக்டரைப் பார்த்துட்டு வரட்டும்னு விட்டுடணும். வருஷ பேக்கேஜை தள்ளுபடியில வித்தா இந்தப் பிரச்சனை தீரும்னு நிறைய பேர் சொல்றாங்க, தீராது, விட்டுப் போறது அதே ஆறாவது வாரம்தான், உங்களுக்குத் தெரிய வர்றது மட்டும் ஒரு வருஷம் கழிச்சு. அவங்க ரினியூவும் பண்ண மாட்டாங்க, ஃப்ரெண்டைக் கூட்டிட்டும் வர மாட்டாங்க.

இன்னும் சரியாகாதது சாயங்காலம் ஏழுல இருந்து எட்டரை வரைக்குமான கூட்டம். புது ஆள் பெஞ்ச்சுக்கு நின்னுட்டே இருந்தா பத்து நிமிஷத்துல ட்ரெட்மில்லுக்குப் போயிடறாங்க, சார்ட் பாதியில நிக்குது. இப்போதைக்கு ஏ, பி சார்ட் ரெண்டுலயும் பெஞ்ச் வேண்டாத எக்ஸர்சைஸா மாத்தி, டம்பெல் ரேக் பக்கத்துல ஒரு மூலையை முதல் ரெண்டு மாச ஆளுங்களுக்குன்னு டேப் ஒட்டி ஒதுக்கியிருக்கோம். பழைய மெம்பர் சில பேர் முணுமுணுக்கிறாங்க, அவங்களுக்கு வேற நேரம் கொடுக்க முடியுமான்னு பார்த்துட்டு இருக்கோம்.